காய்ச்சினாலும் போகாது

திருத்தணி சமுதாய வானொலியில் செய்தி வாசிக்கும் வித்யாலக்ஷ்மிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நெசவாளர் தெரு போர்வெல் தண்ணீரைப் பற்றிய ஆய்வறிக்கையை ஒலிப்பதிவாளர் நாகராஜனிடம் வாசித்துக் காட்டினாள்.

"கொதிக்கவைத்தல் வாயிலாக, மிகுந்துள்ள நைட்ரேட் நீங்காமையால், கைக்குழந்தைகளுக்கு மாற்று நீர் பரிந்துரைக்கப்படுகிறது." என்று முடித்து, "என்னா புரிஞ்சுது?" என்றாள்.

"கொதிக்கவச்சு குழந்தைக்குத் தரணும்."

தறிச் சத்தத்தில் கேட்பவர்கள் திருப்பிப் படிக்கவா முடியும்? பரபரவென்று மாற்றி எழுதிக்கொண்டு மைக் முன் உட்கார்ந்தாள்.

"நெசவாளர் தெரு போர் தண்ணிய கைக்குழந்தைக்குக் குடுக்காதீங்க. காய்ச்சியும் குடுக்காதீங்க. காய்ச்சினாலும் அதுல இருக்கிற கெடுதல் போகாது. லாரியில வர்ற தண்ணிய குடுங்க."

இரண்டாம் முறையும் சொன்னாள். உடனே தொலைபேசி அடித்தது.

"பால்பவுடர் கலக்க அந்தத் தண்ணியதாங்க காய்ச்சிகினு இருந்தேன்," என்றாள் ஒரு பெண். "கீழ ஊத்திட்டேன். லாரி எப்ப வரும்?"