ஆகஸ்டு வாடகை வந்து சேர்ந்த நாள்

டெங்கு காய்ச்சலிலிருந்து தேறி வீடு திரும்பிய மறுநாள்தான் மதுமதி மெயிலைத் திறந்து பார்த்தாள். வீட்டுக்காரம்மா விஜயலக்ஷ்மியின் மகன் ப்ரணவ் அனுப்பியிருந்தான். மதுமதி குடியிருக்கும், அம்மாவின் டெல்லி கரோல் பாக் வீட்டுக் கணக்கை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஆகஸ்டு வாடகை ஐந்தாம் தேதிக்குள் வரவில்லையாம். ஒப்பந்தப்படி தாமதக் கட்டணத்தோடு உடனே கட்ட வேண்டுமாம். அடுத்த மாதம் முடியும் பதினோரு மாத ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்குமாம்.

அந்தக் கடைசி வரி அவளை உலுக்கிவிட்டது. கணவன் ஜெகன் ராணுவத்தில் இருக்கிறான். இப்போது ஜோத்பூரில் வேலை. மகள் ஷ்ரேயாவின் பள்ளி இந்தத் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. உடம்பில் தெம்பே இல்லாத இந்த நேரத்தில் வேறு வீடு தேடுவதா?

ஜெகனை அழைத்தாள்.

"நீங்க வாடகை அனுப்புனீங்கல்ல?"

"மூணாந்தேதியே அனுப்பிட்டேனே! நீ ஆஸ்பத்திரியில கெடந்தே, அதான் என் அக்கவுண்ட்லேருந்து போட்டேன். ஏன், என்ன ஆச்சு?"

மெயிலைப் படித்துக் காட்டினாள்.

"இந்த ஆளுக்கு எவ்ளோ தைரியம்! நான் போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

"வேணாங்க. சண்டை போட்டா வாய்ச் சண்டையாவே போயிடும். ரசீதையும் அந்த நாள் ஸ்டேட்மெண்ட்டையும் அனுப்புங்க. எழுத்துலயே கேக்கறேன்."

இரண்டும் வந்தன. ஸ்டேட்மெண்ட்டில் வாடகை வரியைத் தவிர மற்றவற்றை மறைத்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். முதலில் எழுதியதில் கோபம்தான் தெரிந்தது. அழித்தாள். இரண்டாவது முறை நடந்ததை மட்டும் எழுதினாள்: ஆகஸ்டு வாடகை மூன்றாம் தேதி என் கணவர் ஜெகனின் கணக்கிலிருந்து வங்கி வழியாக அனுப்பப்பட்டு, அன்றே உங்கள் அம்மாவின் கணக்கில் சேர்ந்துவிட்டது. பரிவர்த்தனை எண் இது. ரசீதும் ஸ்டேட்மெண்ட்டும் இணைப்பில் உள்ளன. தாமதம் என்ற பதிவைத் திருத்தி, தாமதக் கட்டணத்தை ரத்துசெய்து, ஆகஸ்டு மாத வாடகை ரசீதையும் அனுப்புங்கள். இதை எழுத்தில் உறுதிப்படுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன். பணம் வேறு பெயரில் வரும் என்று முன்பே சொல்லாதது என் தவறு. டெங்கு காய்ச்சலோடு மருத்துவமனையில் இருந்தேன்.

அனுப்பிவிட்டுக் கஞ்சி குடித்தாள். சாயங்காலம் ப்ரணவ் அழைத்தான். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், நடுவே இந்தி கலந்துவிடும்.

"தீதி, சாரி. நீங்க குடுத்த நம்பர் போட்டுத் தேடினேன், ஒடனே கெடச்சுது. மூணாந்தேதி, ஜெகன் பேர்ல. நான் ஹர் மஹீனா, மாசாமாசம், ஸ்டேட்மெண்ட்ல ஒங்க பேர் போட்டுத்தான் தேடுவேன். வரலே, ஸோ லேட்னு எழுதிட்டேன். கல்தி, தப்பு என்னோடதுதான்."

"பரவால்லை ப்ரணவ். எழுத்துல அனுப்பிடுங்க, அது போதும்."

"இப்பவே அனுப்பறேன். ஏக் மினிட், அம்மா பேசணுமாம்."

விஜயலக்ஷ்மி போனை வாங்கினாள். "மதுமதி, டெங்குன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? தெரிஞ்சிருந்தா நானே வந்திருப்பேனே. படுத்திண்டிருந்தவளுக்கு நோட்டீஸ் மாதிரி மெயில் அனுப்பியிருக்கோம்! எனக்கு அவமானமா இருக்கும்மா."

"அப்படிச் சொல்லாதீங்க ஆன்ட்டி. நான் கேட்டதும் பார்த்தீங்களே, அதுவே பெருசு."

"அது மட்டும் இல்லை. ஒன் மெயிலைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறுத்தித்து. ஒனக்கு முன்னாடி அங்கே அம்பிகான்னு ஒரு பொண்ணு இருந்தா. காலி பண்ணறச்சே, ஒரு மாசம் லேட்னு அவ அட்வான்ஸ்ல பிடிச்சிண்டோம். பாவம், ஒண்ணும் கேக்காம போயிட்டா. இப்போ ப்ரணவை விட்டுப் பழைய கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அந்த மாச வாடகை அவ தம்பி பேர்ல சரியான தேதிக்கே வந்திருக்கு!"

"அப்போ அவங்களுக்கு...?"

"பணத்தை அனுப்பியாச்சு. போன் பண்ணி மன்னிப்பும் கேட்டேன். அழுதுட்டா. யாரோ என்னை நம்பினாப்போல இருக்குன்னா. அவ ஒனக்குத்தான் நன்றி சொல்லணும், அதான் ஒன்கிட்டே சொல்றேன். சரி, ஒப்பந்தத்தை அடுத்த வாரமே புதுப்பிச்சுடலாம். நீ அலைய வேண்டாம், நாங்களே வரோம்."

போன் வைத்ததும் மெயில் வந்தது. பதிவு திருத்தப்பட்டது, கட்டணம் ரத்து, ஆகஸ்டு ரசீது இணைப்பில். அதை அப்படியே ஜெகனுக்கு அனுப்பிவிட்டு, பார்த்தேயிராத அம்பிகாவைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். ஷ்ரேயா வந்து நெற்றியில் கை வைத்து, "ஜுரம் போயிடுச்சாம்மா?" என்றாள்.

"போயிடுச்சுடா கண்ணு" என்று மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.