நான்காம் நிலை கேட்ட குரல்

"அண்ணே, மிஷினை நிறுத்துங்க."

ஓடிவந்த வேகத்தில் அறிவியல் டீச்சருக்கு வார்த்தை பாதிதான் வந்தது. ஜெராக்ஸ் அறை அண்ணன் பொத்தானை அமுக்கினார். சூடாக வெளியே விழுந்துகொண்டிருந்த, அறிவியல் போட்டிக்கான மதிப்பீட்டு அட்டவணைகள் பாதியில் நின்றன.

"என்ன டீச்சர், எழுத்துப் பிழையா?"

"பிழைதான் அண்ணே. ஆனா எழுத்துல இல்ல."

சற்றுமுன்தான் விஷயம் தெரிந்தது. ஏழாம் வகுப்பின் தண்ணீர் வடிகட்டிக் குழுவில் இன்று மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். நான்காவதாக வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல் என்றாள் குழுத் தலைவி. பக்கத்தில் நின்ற பொடியன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"காய்ச்சல் எல்லாம் இல்ல மிஸ். மைனா வந்தா நமக்குக் குழுப்பணியில நாலுக்கு ரெண்டாம் நிலைதான்னு இவதான் சொன்னா."

மைனா என்பது வகுப்பு வைத்த பட்டப்பெயர். வாயே திறக்காத பெண்ணுக்கு வைத்த கேலி. வீட்டில் அப்பாவோடு மட்டும் பேசுவாளாம். பள்ளிக்குள் நுழைந்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும்.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அவர்தான் இன்னொரு நடுவர்.

"போட்டி அன்னைக்குப் போய் விதியை மாத்துவீங்களாம்மா? இது ஒரு வாரமா செவுத்துல தொங்குது. பசங்க அதைப் பார்த்துத்தான் தயாராகியிருக்காங்க."

"அதைப் பார்த்துத்தான் சார் ஒருத்தியை வீட்ல விட்டுட்டு வந்திருக்காங்க."

அட்டவணையை அவர் முன் விரித்தாள். கேள்வி, சோதனை, பதிவு, முடிவு ஆகிய நான்கு வரிசைகளிலும் பழுதில்லை. சோதனை வரிசையில், ஒன்றை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் மாறாமல் வைத்தால் நான்காம் நிலை; எதை மாற்றினோம் என்றே தெரியாவிட்டால் முதல் நிலை. யார் பார்த்தாலும் ஒரே மதிப்பெண்தான் வரும். கடைசி வரிசையில்தான் வினை. 'குழுப்பணி: எல்லா உறுப்பினரும் தெளிவாகப் பேசுகிறார்கள்.'

"உழைப்பையும் குரலையும் ஒரே வரிசையில கட்டிப்போட்டுட்டேன் சார். உழைச்சவ பேசலேன்னா உழைப்பும் சேர்ந்து போயிடுது."

கணக்கு சார் தாடையைத் தடவினார். "முதல்ல நீங்க எழுதுனதுல இந்த வரியே இல்லையே. நான் பார்த்தேனே. அப்புறம் எதுக்குச் சேர்த்தீங்க?"

 அவள் பேனாவைத் திறந்து அந்த வரிசையை அடித்தாள்.

புதிதாக எழுதினாள். ஒருவரே எல்லாம் செய்திருந்தால் முதல் நிலை. சிலருடைய பங்கு மட்டும் தெரிந்தால் இரண்டு. ஒவ்வொருவர் பங்கும் தெரிந்தால் மூன்று. அதோடு, ஒருவர் பங்கை மற்றவரும் விளக்க முடிந்தால் நான்கு. பேசியோ, வரைந்தோ, செய்தோ காட்டலாம்.

"பேசுறதுக்குத் தயாரானவனுக்கு இதுல நஷ்டம் இல்ல. சரி, போடுங்க," என்றார் சார்.

மைனாவின் அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். எடுக்கவில்லை. கூடத்தில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் புதிய வரிசையைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

வடிகட்டிக் குழு வந்தது. வெட்டிய பாட்டில்களில் மணல், கரி, கூழாங்கல். ஒரே அளவு சேற்றுத் தண்ணீர். மணலின் உயரம் மட்டும் பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. அப்பழுக்கில்லாத சோதனை. குழுத் தலைவி கணீரென்று ஒப்பித்தாள்.

"கூழாங்கல்லை ஏன்மா அடியில போட்டீங்க?" என்றார் கணக்கு சார்.

தலைவி பொடியனைப் பார்த்தாள். பொடியன் பாட்டிலைப் பார்த்தான். பிறகு மூவரும், யாரும் இல்லாத நான்காவது இடத்தைப் பார்த்தார்கள்.

"அது அவ வச்சது சார்," என்றான் பொடியன். "மணல் ஒழுகிடும்னு செஞ்சு காட்டினா. மணலை அளந்ததும் அவதான்."

 இரு நடுவர்களும் தனித்தனியே எழுதிய எண் ஒன்றுதான். குழுப்பணி: இரண்டு. எந்த எண்ணுக்குப் பயந்து அவளை விட்டுவிட்டு வந்தார்களோ, அதே எண்.

கூடம் காலியான பிறகு போன் அடித்தது. அப்பா.

"டீச்சர், வேலையில இருந்தேன், கவனிக்கல. இப்பதான் வீட்டுக்கு வந்தேன். பாப்பா நல்லாத்தான் இருக்கா. ஆனா இனிமே ஸ்கூலுக்கே வரலேங்குறா. ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு, போட்டியில பேச ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டிருந்தா டீச்சர். நேத்து சாயங்காலம் குழுப் பசங்க வந்து பேசிட்டுப் போனதும் நிறுத்திட்டா."

"அவகிட்ட போனைக் குடுங்க."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"கண்ணு, அட்டவணையில அந்தக் கடைசி வரியை நான் உனக்காகத்தாண்டா சேர்த்தேன். எல்லாரும் பேசணும்னு போட்டா, உனக்கும் பேச ஒரு வரி விட்டுக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்."

 மறுமுனையில் அவள் போனை வைத்துவிட்டாள்.