மிஸ்ரியா அனுப்பிய பிரெட் படம்

வெள்ளிக்கிழமை காலையில் சுட்ட பிரெட்டில் திங்கட்கிழமை காலையில் பச்சைப் பூசணம் பூத்திருந்தது. ஐந்து நாள் தாங்க வேண்டிய பிரெட். மூன்று வாரமாக இப்படித்தான் ஆகிறது. ஏன் என்று அதைச் சுட்ட கிங்ஸ்லிக்குப் பிடிபடவில்லை.

படம் அனுப்பியவள் மிஸ்ரியா. ஐந்தருவிக்குப் போகும் வழியில் பிரெட் ஆம்லெட் கடை வைத்திருப்பவள். சீசனில் அவளுக்குத் தினமும் நாற்பது பாக்கெட் வேண்டும். பாதியைத் தென்காசியிலிருந்து கிங்ஸ்லி போடுகிறான், மீதியை யாசர். படத்தோடு அவள் குரலும் வந்தது.

"அண்ணாச்சி, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா முழுசையும் யாசர் அண்ணன்கிட்டயே வாங்கிக்கிடுதேன். அவரு பிரெட்டும் இதே தேதிதான். பளிச்சுன்னு இருக்கு."

ஆர்டர் போய்விடும் என்பதைவிட அந்தப் 'பளிச்சு'தான் கிங்ஸ்லியைச் சுட்டது. இருவரும் ஒரே பேக்கரியில் எட்டு வருஷம் மாவு பிசைந்தவர்கள். யாசர் தனிக்கடை வைத்த ஆறாம் மாதம் இவனும் வைத்தான். யாசர் கடைக்குப் புது போர்டு வந்தபோது இவன் ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அவன் ஏதோ பவுடரக் கூடுதலாப் போடுதான்," என்றான் மனைவி ஜாயிடம்.

"பூசணம் புடிக்காம இருக்க நீங்களும்தான் போடுதிய. இதுக்கு மேல போட்டா கசக்கும். அந்த மனுசன நெனச்ச நேரத்துல அந்தப் படத்த நல்லாப் பாருங்க."

பார்த்தான். பெரிதாக்கிப் பார்த்தான். நடுவில் பச்சை, சுற்றிலும் வெள்ளை ஓரம். வெள்ளை, இப்போது வளரும் பூசண நூல். பச்சை, அது பரவுவதற்கான வித்து உண்டாகிவிட்ட இடம். ஓரிடத்தில் கறுப்பும் இருந்தது. அது வேறு வகையாக இருக்கலாம். எந்த வகை, எவ்வளவு நஞ்சு என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது.

மிஸ்ரியா மூடி வைக்காமல் போட்டிருப்பாள் என்று நினைத்ததும் மனசு லேசானது. ஸ்கூட்டரை எடுத்தான். சாரலில் நனைந்து போய் இறங்கியபோது அவள் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பச்சைய மட்டும் வெட்டி எறிஞ்சிட்டு, மிச்சத்த எண்ணெயில வாட்டினா ஆவாதா அண்ணாச்சி?"

"வேண்டாம் தாயி. பிரெட்டு மெத்துன்னு இருக்கதால நூல் உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சூட்டுல பூசணம் செத்தாலும் அது விட்ட நஞ்சு போவும்னு நம்ப முடியாது. பாக்கெட்டோட தூரப் போடணும். மோந்தும் பாக்கக்கூடாது."

"சரி, ஈரக்கையோட எடுத்தேன்னு எம்மேல பழியப் போட்டுராதிய."

அதைத்தான் போட வந்திருந்தான். ஆனால் அவள் நீட்டிய பாக்கெட்டில் இன்னும் ஆறு துண்டுகள். எல்லாவற்றிலும் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே அளவு. அவள் கை பட்டு வந்திருந்தால் ஒவ்வொரு நாளும் ஒன்று விழுந்து, பெரிதும் சிறிதுமாக இருந்திருக்கும். இவை ஒரே நேரத்தில் விழுந்தவை. மேல்தோல் சுத்தமாக இருந்தது. வெட்டிய பக்கத்தில் மட்டும், மேலிருந்து கீழாக, இழுத்துவிட்ட மாதிரி வரிசையாகப் புள்ளிகள்.

"இதையும் பாருங்க," என்று வெட்டாத ஒரு முழு பிரெட்டை எடுத்து வைத்தாள். கனமாக வெட்டி டோஸ்ட் போட அவள் கேட்டு வாங்குவது. அதுவும் இவனுடையதுதான், அதே வெள்ளிக்கிழமை, அதே அடுப்பு, ஆறவைத்த அதே தட்டு. கத்தியால் குறுக்கே பிளந்தாள். ஒரு புள்ளி இல்லை.

அடுப்புச் சூட்டில் பூசணம் தப்பாது. ஆறும்போது விழுந்திருந்தால் தோலில் வந்திருக்கும். அப்படியென்றால் மிஞ்சியது ஒன்றுதான்: துண்டு போடும் மெஷின்.

"யாசர் மட்டும் வேற என்ன செய்யுதான்?" கேட்கக்கூடாது என்று நினைத்தும் வாய் கேட்டுவிட்டது.

"எனக்குத் தெரிஞ்சு, அவரு விக்காதத திரும்ப எடுக்க மாட்டாரு. நீங்கதான எடுக்கிய. அதனாலதான பாதிய உங்களுக்குக் குடுத்தேன்."

கிங்ஸ்லிக்கு முகம் சுண்டியது. யாசரை முந்த வேண்டும் என்றுதான் மூன்று வாரம் முன்பு அந்த வழக்கத்தைத் தொடங்கினான். கடைகளில் மிஞ்சியதைக் கொண்டுவந்து, பூசணம் தெரிந்ததைக் குப்பையில் போட்டு, நன்றாக இருப்பதாகப் பட்டதைச் சாயங்காலம் மெஷினில் மெலிசாக வெட்டி ரஸ்க் போட்டான். கண்ணுக்குத் தெரியாத வித்து பிளேடுகளில் ஏறியது. இடுக்கில் தங்கிய தூளோடு ராத்திரி கிடந்து, காலையில் புது பிரெட்டின் ஒவ்வொரு துண்டிலும் தேய்ந்தது.

அங்கே நின்றே ஜாய்க்குப் போன் போட்டான்.

"யாசர் செய்ததுதான் சரி ஜாய்," என்றான். "கடையில மிஞ்சினது இனி நம்ம பேக்கரிக்குள்ள வரக்கூடாது. அதுல ரஸ்க்கும் கிடையாது. பிளேடெல்லாம் கழத்தி, தூளத் தட்டி, கழுவி, கிருமி மருந்து போட்டுக் காய வச்சுத்தான் மாட்டணும். இனிமே தினமும் வேலை முடிஞ்சதும் இப்படித்தான். மெஷினுக்குள்ள புது பிரெட் மட்டும்தான் போவணும்."