கயிற்றின் மேல் பெய்த மழை

மச்சினன் தர வேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு. பூச்சி அதை வாய்விட்டுக் கேட்டதே இல்லை. வாயில்லாப்பூச்சி என்று வைத்த பட்டப்பெயர் தேய்ந்து வெறும் பூச்சியாகிப்போன மனுஷன் எப்படிக் கேட்பான்? அதிலும் கடன் வாங்கியவன் தன் மனைவியின் தம்பி.

இருவரும் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள். மச்சினன் பலகையில் உட்கார்ந்து தொங்குவான். மொட்டைமாடித் தூணில் கயிற்றைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பூச்சி கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். ஒருவன் உயிர் இன்னொருவன் கையில்.

ஓர் இரவு, முன்பு வந்த அதே கனவு பூச்சிக்கு மறுபடி வந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மச்சினன் சீட்டியடித்தபடி தொங்குகிறான். சொல்லாமல் கொள்ளாமல் வானம் கறுத்து, மின்னல் வெட்டி, மழை கொட்டுகிறது. கயிறு வழுக்குகிறது. குனிந்து பார்த்தால் வழுக்கவில்லை. பூச்சியின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தாமே திறக்கின்றன.

விழித்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. தாடை வலித்தது. உள்ளங்கையில் நகத் தடம். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள்.

"மறுபடியும் மழையா?" என்றாள் மனைவி.

"ஆமா. ஏதோ கெட்டது நடக்கப்போகுது."

"வானத்துல ஒண்ணுமில்லீங்க. தம்பி புதுப் போனைக் காட்டினப்ப, நல்லா இருக்குன்னு சிரிச்சீங்க. அன்னைக்கு ராத்திரி முதல் மழை. நேத்து இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கன்னான். அவசரமில்லன்னீங்க. இன்னைக்கு இது. பகல்ல முழுங்குறது ராத்திரி இடிக்குது, வேறென்ன?"

விரல்களைப் பற்றி அவளிடம் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.

காலையில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மச்சினன் கைப்பிடிச் சுவரில் ஏறி, "விடுங்க மச்சான். தூங்கிடாதீங்க, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல," என்று சீட்டியடித்தான்.

பூச்சியின் உள்ளங்கை வியர்த்தது.

"இறங்காத."

"ஏன்?"

"உன் மேல அடங்காத கோபம் இருக்கு. கனவுல நான் கயித்தை விட்டுட்டேன். நழுவல. விட்டேன்."

மச்சினன் முகம் வெளிறியது. மெதுவாகச் சுவரிலிருந்து உள்ளே இறங்கினான். "கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேக்குறேன். எனக்கு என் பணம் வேணும்." அவன் குரல் உயர்ந்து மச்சினன் கேட்டதே இல்லை. "இன்னைக்கு நான் தொங்குறேன். நீ பிடி."

மச்சினன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பூச்சி பலகையில் உட்கார்ந்து இறங்கினான். மேலே கயிறு நடுங்கியது. நடுங்கியதே தவிர நழுவவில்லை.

சாயங்காலமே போன் விலைபோனது. மிச்சம் வாராவாரம் கூலியில் கழிந்தது. நடுவில் ஒரு வாரம் தவறியபோது பூச்சி சத்தம் போட்டான். அன்றிரவு அடித்துப்போட்டாற்போல் தூங்கினான்.

கடைசி நானூறை மச்சினன் மொட்டைமாடியில் வைத்தே நீட்டினான். பூச்சி பையில் போட்டுக்கொண்டு, முடிச்சை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தான்.

"கணக்கு தீர்ந்துச்சு. இப்ப இறங்கு."