குளோபுலின் எட்டு புள்ளி நான்கு

"மேடம், நூத்தி நாப்பத்தி ரெண்டு. நான் இன்னா பண்ணட்டும், நாலாவது வாட்டி பாத்துட்டேன், அதேதான் கீது."

தேவானை சீட்டை மேஜைமேல் வைத்தாள். கச்சேரி ரோட்டில் டாக்டர் நீரஜா நடத்திவந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். அவள் கை தப்பாது என்பது நீரஜாவுக்குத் தெரியும். சீட்டில் எலும்பு மருத்துவர் கருணாகரனின் கையெழுத்து: 'ஈ.எஸ்.ஆர். மறுபடி பார்க்கவும். லேப் தவறாக இருக்கலாம்.'

"தவறாம். நாலு தடவையும் தவறாம்" என்றாள் நீரஜா. சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகம்தான் ஈ.எஸ்.ஆர்.; முப்பதைத் தாண்டக்கூடாத எண்.

மே மாதம், 1997. மின்விசிறி வெந்நீர் ஆவியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெளி பெஞ்சில் நோயாளியின் மகள் புஷ்ரா உட்கார்ந்திருந்தாள். ராயப்பேட்டைப் பள்ளிக்கூடமொன்றில் கணக்கு டீச்சர். அவளுடைய அத்தா பீர் முஹம்மது தேனாம்பேட்டையில் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விற்பவர். அறுபத்தொரு வயது. ஆறு வாரத்துக்கு முன் கடையில் ஒரு பெட்டியைத் தூக்கியபோது முதுகில் ஏதோ நொறுங்கியது போலிருந்தது என்று ஆரம்பித்தது, இப்போது கோபாலபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் படுக்கையோடு நிற்கிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பிலும் விலாவிலும் ஓட்டைகள். எங்கோ இருக்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது, அந்த 'எங்கோ' எது என்று தெரியவேண்டும் என்றார்கள். அன்றிலிருந்து தேடல்தான். நுரையீரல், வயிறு, பெருங்குடல், புராஸ்டேட், தைராய்டு. ஒவ்வொன்றிலும் 'ஒன்றுமில்லை'.

நீரஜா ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். தனித்தனியாகக் கிடக்கவேண்டிய சிவப்பணுக்கள் காசுகளை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தன. பின்புலமே நீலம் பாய்ந்திருந்தது. ரத்தத்தில் ஏதோ ஒரு புரதம் மிதமிஞ்சி இருந்தால்தான் இப்படி ஆகும்.

போன வாரம் பார்த்த பூச்சிலும் இது இருந்தது. அவள் ரிப்போர்ட்டில் எழுதியும் இருந்தாள். கருணாகரன் அந்த வரியைப் படிக்கவில்லை. எழுதியதோடு விட்டுவிட்டு, எழுந்துபோய்ப் போன் செய்யாதது தன் தப்பு என்று இப்போது உறைத்தது.

"புஷ்ரா, இதுவரை எடுத்த ரிப்போர்ட் எல்லாம் இருக்கா?"

புஷ்ரா பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். தேதி வாரியாக, ஓரத்தில் எண் போட்டு அடுக்கியிருந்தாள். "ஒவ்வொரு டாக்டரும் அவருக்கு வேண்டிய ஒரு தாளை உருவிப் பாத்துட்டுக் குடுத்துடறாங்க மேடம். முழுசா யாரும் புரட்டினதில்லை."

நீரஜா புரட்டினாள். ஹீமோகுளோபின் 7.9, குறைவு. கால்சியம் 12.4, அதிகம். கிரியாட்டினின் 2.6, சிறுநீரகம் தடுமாறுகிறது. இரண்டு வாரத்துக்கு முன் தேனாம்பேட்டை லேப் ஒன்றில் எடுத்த கல்லீரல் பரிசோதனைத் தாளில் கண் நின்றது. மொத்தப் புரதம் 11.2. ஆல்புமின் 2.8. குளோபுலின் 8.4. சாதாரணமாக மூன்று, மூன்றரைக்கு மேல் போகாத எண்.

"இதைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"அது லிவர் டெஸ்ட் மேடம். லிவர் நல்லாருக்குன்னாங்க."

லிவர் நன்றாகத்தான் இருந்தது. லிவருக்கு என்று எடுத்த தாளில் வேறொன்று எட்டு புள்ளி நான்கு என்று கத்திக்கொண்டிருக்க, இரண்டு வாரமாக அது கோப்பில் தூங்கியிருக்கிறது. அதே தாளில் ஆல்கலைன் பாஸ்படேஸ் இயல்பாக இருந்தது. அடுத்த தாள் எலும்பு ஸ்கேன்: 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.' அதற்குக் கீழே ஒரு டாக்டர் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். நீரஜாவுக்கு அந்தப் பென்சிலை முறிக்கவேண்டும் போலிருந்தது.

"அடுத்து என்ன சொல்லியிருக்காங்க?"

"நாளைக்குக் காலைல கிட்னிக்கு மருந்து ஏத்தி எக்ஸ்ரே. கிட்னில கட்டி இருந்தா தெரியுமாம். இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து தண்ணி குடுக்கக்கூடாது, ராத்திரி பேதிக்கு மாத்திரைன்னு எழுதியிருக்காங்க."

நீரஜா பேனாவைக் கீழே வைத்தாள். "வலிக்கு என்ன போடறாங்க?"

"டைக்ளோபினாக் ஊசி. மூணு வேளை."

அதுவும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து. நீரஜா போனை எடுத்தாள். மூன்றாவது முயற்சியில்தான் கருணாகரன் கிடைத்தார்.

"டாக்டர், பீர் முஹம்மதுக்கு மயலோமான்னு நினைக்கிறேன். எலும்பு மஜ்ஜைல வர்ற புற்றுநோய். வேறெங்கேர்ந்தும் பரவினதில்லை. நாளைய கிட்னி எக்ஸ்ரேயை நிறுத்துங்க."

"மேடம், எக்ஸ்ரேல அத்தனை ஓட்டை இருக்கு. இந்த வயசுல பரவினதுதான் முதல்ல நினைக்கணும்."

"ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலையே. பரவின புற்றுநோயா இருந்தா சுத்தியிருக்கிற எலும்பு புதுசா கட்டப் பாக்கும். அந்தக் கட்டற வேலைதான் ஸ்கேன்ல ஒளிரும், பாஸ்படேஸும் ஏறும். மயலோமா எலும்பை அரிக்கிற செல்லை முடுக்கிவிட்டுட்டு, கட்டற செல்லை அடக்கிடும். அதனாலதான் எக்ஸ்ரேல ஓட்டை, ஸ்கேன்ல வெறுமை."

"எல்லாம் அப்படி இல்லை. கிட்னி கேன்சரும் வெறும் ஓட்டைதான் போடும், ஸ்கேன்ல ஒளிராமலும் போகும். அதுக்குத்தானே கிட்னியைப் பாக்கறேன்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் நீரஜாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "கிட்னி கேன்சர் குளோபுலினை எட்டரைக்குக் கொண்டுபோகாது டாக்டர்."

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம். "சிறுநீர்ல புரதம் லேசாத்தான்னு போட்டிருக்கே. மயலோமான்னா நிறையப் போகணுமே?"

"அது காகிதப் பட்டை. அது ஆல்புமினைத்தான் காட்டும். மயலோமாப் புரதத்தைக் காட்டாது."

"ரத்தப் புரதத்தைப் பிரிச்சுக் காட்டற எலெக்ட்ரோபோரசிஸுக்கு அனுப்புங்க, பாப்போம்."

"அது வர நாலு நாளாகும். நீங்க நாளைக்குக் காலைல மருந்து ஏத்தறீங்க. தண்ணி இல்லாம வறண்ட உடம்புல அந்த மருந்து போச்சுன்னா இந்தப் புரதம் கிட்னிக் குழாயில கட்டி அடைச்சுக்கும். மனுஷனைத் திருப்ப முடியாது."

"கையில எதாவது காட்டுங்க மேடம். ஊகத்துக்காக நான் நிறுத்த முடியாது." போனை வைத்துவிட்டார்.

புஷ்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். "நான் என்ன செய்யணும் சொல்லுங்க."

"ஆட்டோ பிடிச்சுப் போய் அத்தாவோட சிறுநீர் கொண்டுவாங்க. நீங்க போனதும் அவருக்கு ரெண்டு டம்ளர் தண்ணி குடுத்துடுங்க. யாராவது கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

ஒன்றரை மணி நேரம் கழித்துப் புட்டியோடு வந்தாள். நர்ஸோடு சண்டை போட்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது. தேவானை முதலில் காகிதப் பட்டையை முக்கினாள். லேசான பச்சை, அவ்வளவுதான். பிறகு சிறுநீரை வடிகட்டி, சில துளி அமிலம் விட்டுச் சோதனைக் குழாயில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியோடு இறக்கினாள்.

நாற்பது டிகிரி வரை தெளிவாக இருந்தது. ஐம்பதைத் தாண்டியதும் மஞ்சள் நீரில் புகை போல ஒன்று கிளம்பியது. அறுபதில் குழாய் முழுக்கப் பால் போல் கலங்கிவிட்டது.

"ஆல்புமின்கூட இப்படிப் பண்ணும்ல மேடம்?" என்றாள் தேவானை.

"பண்ணும். ஆனா அது கொதிச்சாலும் கரையாது. விடாத, கொதிக்கட்டும்."

நீர் கொதித்தது. கலங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, குழாய் ஏறக்குறையத் தெளிந்தது. வெளியே எடுத்து ஸ்டாண்டில் வைத்தார்கள். ஆற ஆற மறுபடியும் வெள்ளையாகக் கலங்கியது.

"இன்னா மேடம் இது, கண்ணாமூச்சி ஆடிகினு கீது" என்றாள் தேவானை.

நீரஜா சிரிக்கவில்லை. "பென்ஸ் ஜோன்ஸ் புரதம், மயலோமாவோடது. இவ்வளவும் அவரோட கிட்னி வழியா இறங்கிட்டிருக்கு." மீதிச் சிறுநீர், சோதனைக் குழாய், நுண்ணோக்கிக் கண்ணாடித் துண்டு, கோப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த அதே ஆட்டோவில் புஷ்ராவோடு ஏறினாள்.

கோபாலபுரத்தில் பீர் முஹம்மது அசையாமல் படுத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. "இன்னா டாக்டரம்மா, நீங்களாவது ஒண்ணு சொல்லுங்க. ஒருத்தர் தண்ணி குடிங்கறாரு, ஒருத்தர் வேணாங்கறாரு. ஆறு வாரமா எனக்கு என்ன நோவுன்னு கேக்கறேன், எங்கேர்ந்து வந்துச்சுன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க."

"நாளைக்குள்ள பேரு சொல்றேன். இப்ப தண்ணி குடிங்க."

கருணாகரன் வந்தார். நீரஜா வாதாடவில்லை. நர்சிங் ஹோம் வெந்நீர்க் கெட்டிலையே வாங்கி, அவர் கண்ணெதிரே குழாயைச் சூடாக்கிக் காட்டினாள். கலங்கியது, தெளிந்தது, மறுபடி கலங்கியது. பழைய எக்ஸ்ரேயை அவரே விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"முள்ளெலும்போட முன்பக்கம் நசுங்கியிருக்கு. பின்னால ரெண்டு பக்கமும் இருக்கிற காம்பு எல்லாம் முழுசா இருக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "பரவின கட்டின்னா பெரும்பாலும் காம்பைச் சீக்கிரமே தின்னிருக்கும்."

"தலைக்கு எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

"தலையில வலியே இல்லைன்னாரே."

எடுத்தார்கள். ஈரப் படத்தை வெளிச்சத்தில் தூக்கியபோது மண்டை ஓடு முழுக்கச் சின்னச் சின்ன வட்டங்கள், பஞ்ச் மெஷினால் துளைத்தது போல. ஓரத்தில் வெள்ளை வரம்புகூட இல்லை. எலும்பு எங்கேயும் திருப்பிக் கட்டப் பார்க்கவே இல்லை.

கருணாகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மயலோமாவும் என் மனசுல இருந்தது மேடம்."

நீரஜாவுக்கு ஒரு கடுஞ்சொல் நாக்கு வரை வந்தது. புஷ்ரா பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டாள். "கிட்னி எக்ஸ்ரே ரத்து. டைக்ளோபினாக் நிறுத்துங்க. சலைன் ஆரம்பிங்க. மஜ்ஜை காலைல எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னாள். அவர் மறுக்காமல் எழுதினார்.

மஜ்ஜையில் நூறு செல்லில் அறுபது, மயலோமாவில் பெருகும் பிளாஸ்மா செல்களாக இருந்தன. நாலு நாள் கழித்து வந்த எலெக்ட்ரோபோரசிஸில் ஒரே புரதம் பெருகியதற்கு அடையாளமாகக் கோபுரம் போல் ஒற்றைக் கூர் நின்றது.

புஷ்ராவிடம் நீரஜா எதையும் மறைக்கவில்லை. "இது முழுசா போகாது. மாத்திரையால அடக்கலாம், எலும்பு கரையறதைத் தடுக்க இப்ப ஒரு மருந்து வந்திருக்கு, வலிக்கிற இடத்துல கதிர் குடுக்கலாம். சில வருஷம் நல்லா இருக்கலாம். எத்தனைன்னு என்னால சொல்ல முடியாது."

"அந்த லிவர் தாள் வந்த அன்னிக்கே யாராவது பாத்திருந்தா?"

"ரெண்டு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். கிட்னி இவ்வளவு கெட்டிருக்காது. நான் எழுதினதையும் போன வாரமே போன் பண்ணிச் சொல்லியிருக்கணும்."

புஷ்ரா கோப்பை மூடினாள். "என் பசங்க கணக்குல விடை மட்டும் பாத்துட்டுக் கேள்வியைப் படிக்காம வந்தா நான் வெளில நிக்க வெக்கறேன்" என்றாள்.

கால்சியம் ஐந்தாம் நாள் இறங்கியது. கிரியாட்டினின் மூன்றைத் தொட்டு, ஜூன் கடைசியில் ஒன்று புள்ளி ஏழில் நின்றது. கதிர் கொடுத்த பிறகு பீர் முஹம்மது இடுப்புக்கு ஒரு பட்டை கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஆகஸ்டில் கடைக்குப் போனார். பெட்டி தூக்கக்கூடாது, நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கவேண்டும் என்ற இரண்டு கட்டளைகளில் இரண்டாவதைப் பற்றித்தான் வருகிற போகிறவர்களிடமெல்லாம் குறைப்பட்டுக்கொண்டார். மூன்று வருடம் இருந்தார்.

அந்த ஆகஸ்டிலேயே கச்சேரி ரோட்டுக்கு இன்னொரு சீட்டு வந்தது. வேறொரு டாக்டர், எழுபது வயது அம்மாள், முதுகுவலி, 'ஈ.எஸ்.ஆர். மறுபடி பார்க்கவும்.'

தேவானை சீட்டை நீட்டியபோது நீரஜா ரத்தத்தைக்கூடக் கேட்கவில்லை. போனை எடுத்து, அந்த டாக்டரின் எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தாள்.