தெமி

டீக்கடைக்குப் பெயர் வைக்க அந்தத் தம்பதி ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். தெரிந்த சொல் எதை எடுத்தாலும் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கடை இருந்தது. கடைசியில் கணவர் தேநீரையும் நாழிகையையும் சேர்த்துப் புதிதாக ஒன்றைக் கோத்தார்: ‘தேழிகை’. அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

போர்டு எழுதுபவர் தூரிகையை எடுக்கவில்லை. “யாருக்காவது போன் போட்டு ஒரே தடவை சொல்லுங்க. அவங்க சரியா திருப்பிச் சொன்னா எழுதுறேன்.”

மனைவி தன் அக்காவை அழைத்துச் சொன்னாள்.

“தேளிகையா? டீக்கடையில தேள் எதுக்குடி?”

கணவரின் முகம் சுண்டிப்போனது. மனைவி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். டீ குடித்தால் வருவது தெம்பு. அதை ‘தெம்போ’ என்று மாற்றி மறுபடி அழைத்தாள்.

“டெம்போவா? எப்போ வண்டி வாங்கினீங்க?”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தச் சொல்லை இன்னும் நறுக்கினாள். நாக்கு தடுக்கும் எழுத்து எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாம் முறை அழைத்தாள்.

“தெமி. சரி, அப்படின்னா என்ன?”

“ஒண்ணும் இல்லக்கா. பேருதான்.”

போர்டுக்காரர் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

கடை திறந்த மூன்றாம் நாள் வாடிக்கையாளர் ஒருவர் வாசலில் நின்று போனில், “தெமிக்கு வந்துடு” என்றார். அதை அவர் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணவர் அவருக்கு டீயைக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றினார்.