பதினேழாம் நாள் வீடியோ

முப்பது நாளைக்கு முப்பது வீடியோ என்று சண்முகவேல் சொன்னதும், கம்பெனிகளுக்கு விளம்பர வீடியோ எழுதி எடுத்துத் தரும் அனம் விரல் விட்டு நாட்களை எண்ணினாள். போனை எடுத்து ரெண்டு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று என்பது அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அந்த மனிதரின் நினைப்பு. உட்கார்ந்து திட்டம் போடுகிறவளுக்கல்லவா தெரியும் அந்தப் பாடு.

நாலு நாள் மண்டையை உடைத்து அட்டவணை போட்டாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. முதல் மூணு செகண்டில் ஆளை நிறுத்தும் கேள்வி, அதற்கப்புறம் என்ன ஷாட், யார் என்ன பேச வேண்டும், கடைசியில் பார்க்கிறவரை என்ன செய்யச் சொல்வது, கடைசிக் கட்டத்தில் தனக்கான குறிப்பு. எல்லாமே கம்பெனியின் இணையப் பக்கத்தில் மாலை ஏழு மணிக்குத் தானாக ஏறும். துணி வாங்கும் வெளிநாட்டு பையர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் முதலாளிக்குக் கணக்கு.

பேசுவதற்கு ஆள் கிடைத்தது அதிர்ஷ்டம். ஓவர்லாக் தையல் மெஷினில் உட்காரும் மயிலாளுக்கு கேமரா என்றால் கூச்சமே இல்லை. "என்ன கண்ணு, இந்த மூஞ்சியவா துபாய்க்காரன் பாக்கப் போறான்?" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பாதி வீடியோவை அவளுக்கு எழுதினாள் அனம்.

முப்பதையும் ரெண்டே நாளில் எடுத்தாக வேண்டும். அதனால் தேதிப்படி எடுக்கவில்லை, இடத்தை வைத்து எடுத்தார்கள். பின்கதவு வருகிற நாட்கள் ரெண்டு. பதினேழாம் நாள் தீப் பாதுகாப்பு: 'மணி அடிச்சா எத்தனை செகண்டுல வெளியே வருவோம்?' மயிலாள் மெஷினை விட்டு எழுந்து, நடந்து, கதவைத் திறந்து வெயிலில் நின்று, "பன்னெண்டே செகண்டுங்க!" என்பாள். ஆறாம் நாள், ஏற்றுமதிக்குத் தயார் என்று காட்டக் கூரை வரை அடுக்கிய துணி மூட்டைகள்.

மூட்டைகள் வருஷக்கணக்காக அந்தக் கதவை மறைத்துத்தான் கிடந்தன. பதினேழுக்காக நகர்த்தினார்கள். நாலு டேக். ஒவ்வொரு டேக்குக்கு முன்பும், "பதறாதீங்கக்கா, மணி அடிச்சா நேரா இந்தக் கதவுதான், வேற எங்கயும் பாக்காதீங்க" என்றாள் அனம். அது முடிந்ததும் ஆறாம் நாளுக்காக மூட்டைகளைத் திரும்ப அடுக்கச் சொன்னாள். அதற்கப்புறம் அவற்றை யாரும் தொடவில்லை.

பதினாலாம் நாள் மதியம், வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி குவிந்திருந்த மூலையில் ஒயரில் பொறி பறந்து தீப்பிடித்தது. பத்துப் பேர் முன்வாசல் வழியாக ஓடித் தப்பினார்கள். மயிலாளை மூட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். அன்றைக்கு ஏழு மணிக்கு, யாருக்கும் நினைவில்லாமல், பதினாலாம் நாள் வீடியோ ஏறியது. காலரில் தையல் எப்படி ஓடுகிறது பாருங்கள் என்று சிரித்தாள் மயிலாள். அனம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடியே அதை நீக்கினாள், மிச்சத்தையும் ஏறாமல் நிறுத்தினாள்.

பதினாறாம் நாள் சண்முகவேல் கூப்பிட்டார்.

"மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. பதினேழு மட்டும் ஏறட்டும். விசாரணைக்கு வர்றாங்க. கதவு தெறந்துதான் இருந்துச்சுன்னு அதுலயே தெரியுதுல்ல? அப்பறம், அந்த அட்டவணையில கடைசிக் கட்டத்தை அழிச்சுரு."

கடைசிக் கட்டத்தில் இருந்தது ஒரே வரிதான்: 'மூட்டையை ஒதுக்கணும், எடுத்ததும் பழைய இடத்துல வைக்கணும்.'

"உன் பேரும் கெட்டுப் போகும் பாரு" என்றார். அவர் சொன்னதிலேயே உண்மை அது ஒன்றுதான். அழித்தால் யாருக்கும் தெரியாது. ராத்திரி முழுக்க அந்த வரியின் மேல் விரலை வைத்து எடுத்துக்கொண்டே இருந்தாள். வெட்கமாக இருந்தது.

காலையில் நல்லூருக்கு பஸ் ஏறினாள். மயிலாளின் புருஷன் நல்லான் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். வந்தவளைப் பார்த்ததும் அதே கேள்வியைத்தான் கேட்டார். மூணு நாளாக எல்லோரிடமும் கேட்டது.

"ஏனுங்க அம்மிணி, அத்தனை பேரும் முன்னால ஓடியிருக்காங்க. அவ மட்டும் எதுக்குங்க பின்னால போனா? மூட்டை கெடக்கறது அவளுக்குத் தெரியாதுங்களா? கிறுக்கிங்கறாங்க ஊருக்குள்ள."

அனம் போனைத் திறந்து பதினேழாம் வரிசையைக் கடைசிக் கட்டம் வரைக்கும் வாசித்தாள்.

"இது யாரு எழுதுனதுங்க?"

"நான்தானுங்கண்ணா. நேரா இந்தக் கதவுதான்னு நாலு தடவை நடக்க வெச்சதும் நான்தான். மூட்டையைத் திரும்ப வைக்கச் சொன்னதும் நான்தான். அக்கா கிறுக்கி இல்லீங்க. நான் சொன்னதைக் கேட்டாங்க. விசாரணையிலயும் இதையே வாசிப்பேன்."

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அவர் போனைக் காட்டிக் கேட்டார்.

"அந்த வீடியோவுல அவ கதவைத் தெறந்து வெளிய வர்றாளாங்க?"

"வர்றாங்க."

"போடுங்க."

போட்டாள். மயிலாள் எழுந்தாள், நடந்தாள், கதவைத் தள்ளி வெயிலில் வந்து நின்று சிரித்தாள். முடிந்ததும், வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த போனை நல்லான் அவளிடம் திருப்பித் தரவில்லை.

"இன்னொருக்கா போடுங்க" என்றார்.